ஒரு தையலும் ஒரு நண்டு வளையும்: பழமொழிக் கதைக் கேள்வி ஒன்றின் ஆய்வு

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் பயிற்சிக்காக நான் கொடுத்த கேள்வி இது: ‘எ ஸ்டிட்ச் இன் டைம் சேவ்ஸ் நைன்’ என்ற பழமொழியை விளக்கும் வகையில் சுமார் 200 சொற்களில் ஒரு கதை எழுதுக. 10 மதிப்பெண். ஒரு மாணவி இதை மூன்று முறை எழுதினாள். முதல் முறை 4 வாங்கியவள் மூன்றாம் முறை 8 வாங்கினாள். நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுடைய ஆங்கிலம் மூன்று வாரத்தில் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. மாறியது கதை.

கதை எழுத விடுவதற்கு முன் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். ‘நைன்’ என்கிறதே, ஒன்பது எது? ஒருவன் ஒன்பது மணி என்றான். இன்னொருத்தி, பூனைக்கு ஒன்பது உயிர் என்று எங்கோ படித்த நினைவில், ஒன்பது உயிர் என்றாள். ஒன்பது தையல் என்று சொன்னவர்கள் இரண்டே பேர். இங்கேயே பாதிக் கதை கெட்டுப்போகிறது. ஒன்பது உயிர் என்று நினைத்தவள் உயிரைக் காப்பாற்றும் கதைதானே எழுதுவாள்?

பழமொழி சொல்வது ரொம்பச் சின்ன விஷயம். சட்டைத் தையலில் ஒரு இழை விட்டுப்போகிறது. அப்போதே ஊசியை எடுத்தால் ஒரு தையலில் முடியும். விட்டால் பக்கத்துத் தையலும் இழுபட்டுப் பிரிந்து, பிறகு ஒன்பது போட வேண்டிவரும். சட்டை போய்விடும் என்றோ போட்டவன் நாசமாவான் என்றோ அது சொல்லவில்லை. 1732-இல் தாமஸ் ஃபுல்லர் அச்சிட்ட பழமொழித் திரட்டில் இது இன்னும் அடக்கமாக இருக்கிறது: ஒரு தையல் ஒன்பதை மிச்சப்படுத்த‘லாம்’. ஒன்பது என்ற எண்ணும் கணக்குப் பார்த்து வந்ததாகத் தெரியவில்லை. டைம், நைன் என்று ஓசை ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த அளவு முக்கியம். தொண்ணூறு இல்லை, ஒன்பது.

முதல் கதை: அம்மாவைக் கொன்றது

அந்த மாணவியின் முதல் கதையில் அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகாமல் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளுகிறார். ஏழாம் நாள் அம்மா இறந்துபோகிறாள். அப்பா அழுகிறார். கடைசி வரியில் பழமொழி. இலக்கணப் பிழை குறைவு, கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனாலும் 4-தான் போட்டேன். அவளுக்கு வருத்தம்.

“சார், எல்லாரும் இப்படித்தானே எழுதுவாங்க?” என்றாள். உண்மைதான். என் வகுப்பில் 22 பேர் எழுதியதில் பாதிக்கு மேல் யாராவது செத்துப்போயிருந்தார்கள். மீதியில் பெரும்பாலும் படிக்காமல் ஊர் சுற்றித் தேர்வில் தோற்ற பையன்.

இரண்டு கதையும் இந்தப் பழமொழிக்கு ஒட்டாது. படிக்காத பையன் கதையில் கிழிசல் என்று எதுவும் இல்லை. பிரிந்த இழை ஒன்றை அவன் கண்ணால் பார்க்கவில்லை, ஆகவே தைக்காமல் விடவும் இல்லை. அது சோம்பேறித்தனம் பற்றிய கதை. அதற்கு வேறு பழமொழிகள் இருக்கின்றன. அம்மா இறக்கும் கதையில் கிழிசல் உண்டு, தள்ளிப்போடுதலும் உண்டு. ஆனால் முடிவில் எத்தனை தையல் போட்டாலும் சரிசெய்ய முடியாது. ஒன்பது தையல் என்றால் அலுப்போடும் செலவோடும் சரிசெய்துவிடலாம் என்று பொருள். சாவுக்கு ஒன்பதாவது தையல் கிடையாது.

பிள்ளைகள் ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்று யோசித்தபோது எனக்குத் தோன்றியது, தப்பு அவர்களுடையது மட்டும் இல்லை. இந்தப் பழமொழிக்கு இணையாக நாங்கள்தான் குறளைச் சொல்லிக்கொடுக்கிறோம். ‘வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்.’ நெருப்புக்கு முன் வைக்கோல் போர். அங்கே மிச்சம் ஒன்றும் இல்லை, எல்லாம் சாம்பல். அந்தக் குறளை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் அம்மா சாகத்தான் செய்வாள். இதற்கு நெருங்கிய குறள் வேறு ஒன்று: ‘இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து.’ பகையைப் பற்றிச் சொன்னது என்றாலும் உருவகம் பொருந்துகிறது. முள்மரத்தை வெட்டும் வேலை அதே வேலைதான். கன்றாக இருக்கும்போது சுலபம், முற்றினால் கையைக் கிழிக்கும். அதே வேலை, அதிக வலி. இதைச் சொன்னதும் அவள் முகத்தில் ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்தது.

“உங்க வீட்ல சின்னதா ஏதாவது கெட்டுப்போய், விட்டுட்டதால பெரிசா வேலை வச்சது உண்டா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். “வரப்புல நண்டு வளை சார்” என்றாள்.

இரண்டாம் கதை: தாத்தா சிரித்தது

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: தண்ணீர் கட்டிய நெல் வயலின் வரப்பில் நண்டு வளை போடும். வளை மறுபக்கம் வரை போய்விட்டால் மேல் வயல் தண்ணீர் அதன் வழியாகக் கீழ் வயலுக்கு ஒழுகும். ஒழுகும் தண்ணீர் வளையின் உள்மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகும். ஓட்டை பெரிதாகும், பெரிதானால் தண்ணீர் வேகமாகும், வேகமானால் மண் இன்னும் கரையும். கடைசியில் மேலே இருக்கும் மண் தாங்காமல் இடிந்து விழும். துணியில் ஒரு இழை பக்கத்து இழையை இழுப்பது போலவேதான். பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான சங்கதி எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் கதையில் செல்வி என்ற பெண் வளையைப் பார்க்கிறாள், அடைக்காமல் போகிறாள், மறுநாள் வரப்பு உடைகிறது. ‘ஒரு பிடி மண்ணை ஓட்டையில் வைத்திருந்தால் போதும்’ என்று எழுதியிருந்தாள். நானும் படித்துவிட்டு 6 போட்டேன். வீட்டில் தாத்தாவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டாராம். மறுநாள் வந்து சொன்னாள்.

தண்ணீர் வெளியே வரும் பக்கம் மண்ணை வைத்தால் உள்ளிருந்து வரும் தண்ணீரே அதைத் தள்ளிவிடும். மேல் வயலில் இறங்கி, தண்ணீர் உள்ளே நுழையும் வாயைக் காலால் தடவிக் கண்டுபிடித்து, அங்கே சேற்றை வைத்து மிதிக்க வேண்டும். அங்கே வைத்தால் தண்ணீரின் அழுத்தமே மண்ணை உள்ளே இறுக்கும். இன்னொன்றும் சொன்னாராம்: “ஒழுகுற தண்ணி தெளிவா இருந்தா ஒரு நாள் பொறுக்கும் பாப்பா. கலங்கலா வந்தா வரப்பு கரையுதுன்னு அர்த்தம்.”

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் வரப்பில் நடந்தும் அது எனக்குத் தெரியாது. ஆனால் கதைக்குத் தேவையான இரண்டு விஷயத்தை அந்தப் பெரியவர் கொடுத்துவிட்டார். ஒன்று, அந்த ஒரு தையல் என்ன என்பது திட்டமாகத் தெரிந்தது. சேற்றில் இறங்க வேண்டிய, ஐந்து நிமிஷம் பிடிக்கிற வேலை. இரண்டு, கலங்கல் தண்ணீர். ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது, அவள் பார்த்தும் விட்டாள் என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டாம் கதையில் இன்னொரு குறையும் இருந்தது. செல்வி ஏன் அடைக்கவில்லை என்பதற்குக் காரணமே இல்லை. ‘அவள் சோம்பேறி’ என்று ஒரு வரி. சோம்பேறிப் பெண் வரப்பை அடைக்காதது யாருக்கும் ஆச்சரியம் இல்லை. நல்ல பெண் ஒருத்தி, நியாயமாகத் தோன்றும் ஒரு காரணத்துக்காக விட்டால்தான் படிப்பவருக்கு உறுத்தும். சேற்றில் இறங்க வேண்டும் என்று தெரிந்ததும் காரணம் தானாக வந்துவிட்டது: வெள்ளைச் சட்டை.

மூன்றாம் கதை

என் வகுப்பில் கதையை முதலில் தமிழில் எழுதச் சொல்வேன். பிறகுதான் ஆங்கிலம். அவளுடைய தமிழ் வடிவத்தை ஒன்றிரண்டு சொல் மட்டும் திருத்தித் தருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டே கால் மணி. பள்ளியில் அன்று பேச்சுப் போட்டி. செல்வி தேய்த்த வெள்ளைச் சட்டையோடு வரப்பு வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். முந்தின நாள் சாயங்காலம்தான் அப்பா அரை மூட்டை யூரியா போட்டுத் தண்ணீரைக் கட்டியிருந்தார். “போகும்போது வரப்பை ஒரு பார்வை பாத்துட்டுப் போம்மா” என்று சொல்லியிருந்தார்.

பாதி வரப்பில் சலசலவென்று சத்தம். குனிந்து பார்த்தாள். கீழ் வயல் பக்கம் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. காப்பி நிறத்தில் கலங்கலாக வந்தது. மேல் பக்கம் இறங்கி, வளை வாயைக் காலால் தேடிச் சேற்றை வைத்து மிதித்தால் ஐந்து நிமிஷம். அவளே முன்பு இரண்டு முறை செய்திருக்கிறாள்.

செருப்பைக் கழற்றினாள். அப்புறம் சட்டையைப் பார்த்தாள். சேறு தெறிக்காமல் மிதிக்க முடியாது. கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். ‘சாயங்காலம் வந்து அடைச்சுக்கலாம். விரல் தண்டி ஓட்டைதானே.’

போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசைக் கையில் பிடித்துக்கொண்டு தோழிகளுடன் தார் ரோடு வழியாக வீட்டுக்கு வந்தாள். நண்டு நினைவுக்கே வரவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் அப்பா வாசலில் நின்றார். “வரப்பு உடைஞ்சு போச்சு. சட்டிய எடுத்துக்கிட்டு வா.” ஓட்டை இருந்த இடத்தில் ஒரு ஆள் படுக்கும் அகலத்துக்கு வரப்பே இல்லை. வயலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் மண் சுமந்தாள், அப்பா கொட்டிக் கொட்டி மிதித்தார். வெயில் உச்சிக்கு வந்தும் வேலை முடியவில்லை.

“அப்பா, நேத்துக் காலையிலேயே நான் பாத்தேன்” என்றாள்.

அப்பா மண்வெட்டியில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டே, “எவ்வளவு பெரிசா இருந்துச்சு?” என்று கேட்டார். அவள் கட்டைவிரலைக் காட்டினாள். அவர் அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “சட்டிய எடு. இன்னும் நாலு நடை இருக்கு” என்றார்.

பத்து நாள் கழித்துக் கீழ் வயல் கரும்பச்சையாக நின்றது. அவர்கள் வயல் வெளிறிக் கிடந்தது. “உங்கப்பா எனக்கும் சேத்து உரம் போட்டுட்டாரும்மா” என்று கீழ் வயல் மாமா சிரித்தார். செல்வி சைக்கிளை ஓரமாகச் சாத்திவிட்டு, வரப்பின் மேல் பக்கமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள்.

எங்கே மதிப்பெண் வந்தது, எங்கே போனது

கீழ் வயல் கரும்பச்சை ஆனதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவளே பார்த்தது. யூரியா தண்ணீரில் சட்டென்று கரையும். போட்ட மறுநாளே தண்ணீர் ஓடிவிட்டால் உரத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். போன உரம் எங்கே போனது என்பது ஒரு வாரம் பத்து நாளில் பயிரின் நிறத்தில் தெரியும். மண் சுமந்தது ஒரு நஷ்டம். உரம் பக்கத்து வயலுக்குப் போனது இன்னொரு நஷ்டம். அதைப் பத்து நாள் கழித்து அவள் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. யாரும் சாகவில்லை, வீடு ஏலம் போகவில்லை. அரை நாள் உழைப்பும் அரை மூட்டை உரமும்தான் போயின. ஐந்து நிமிஷ வேலைக்கு எதிரே வைத்துப் பார்த்தால் அது சரியான ஒன்பது.

கடைசியில் பழமொழியை எழுதவில்லையே என்று மற்ற பிள்ளைகள் கேட்டார்கள். கேள்வியைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். ‘விளக்கும் வகையில் எழுதுக’ என்றால் பழமொழியைச் சொல்லத் தேவையில்லை, கதையே சொன்னால் போதும். ‘இந்தப் பழமொழியில் முடியுமாறு எழுதுக’ என்று வந்தால் கட்டாயம் கடைசி வரியில் வர வேண்டும். அப்போதும் ஆசிரியர் குரலில் சொல்லாமல் ஒரு ஆள் வாயில் வைப்பது மேல். இந்தக் கதையில் கீழ் வயல் மாமா சொன்னால் பொருந்தும், அப்பா சொன்னால் கெட்டுவிடும். மண் சுமக்கும் மகளிடம் பழமொழி சொல்லும் அப்பாவை யாருக்கும் பிடிக்காது.

ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ்க் கதையை அப்படியே கொண்டுபோக முடியாது, 200 சொல்லில் அடங்காது. அவள் பேச்சுப் போட்டியின் பரிசை ஒரே வாக்கியமாக்கினாள், மண் சுமக்கும் பகுதியைப் பாதியாக்கினாள். செருப்பைக் கழற்றி மாட்டியதையும் கட்டைவிரலையும் தொடாதே என்று மட்டும் நான் சொன்னேன். பத்து மதிப்பெண் கேள்விக்கு இருபது, இருபத்தைந்து நிமிஷம்தான் கிடைக்கும். அதில் ஐந்து நிமிஷம் எழுதாமல் உட்கார்ந்து, ஓட்டை எது, ஐந்து நிமிஷ வேலை எது, விட்ட காரணம் எது, விலை எது என்று நாலு சொல்லை ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

போன 2 மதிப்பெண்ணில் ஒன்றரை ஒரே இடத்தில் போனது. இந்தப் பழமொழிக் கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் விழும் குழி அது. ‘அடைத்திருந்தால் உடைந்திருக்காது’ என்று தமிழில் இரண்டே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஹேட்’ ஒரு பக்கமும் ‘வுட் ஹேவ்’ இன்னொரு பக்கமும் வேண்டும், வினைச்சொல்லும் மூன்றாம் வடிவத்தில் நிற்க வேண்டும். அவள் ‘வுட்’டை இரண்டு பக்கமும் போட்டுவிட்டாள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பள்ளி இறுதித் தேர்வில் இதே மாதிரிப் பழமொழிக் கதைகள் அடிக்கடி வரும். அங்கே 450 சொல்லுக்குக் குறையாமல் எழுத வேண்டும், 50 மதிப்பெண். அதில் உள்ளடக்கத்துக்கு 10, அமைப்புக்கு 10, சொல்லும் திறனுக்கு 20, பிழையின்மைக்கு 10 என்று பிரித்திருக்கிறார்கள். நம் ஊரில் 10-க்குள் எல்லாம் அடங்கிவிடுவதால் ஒரே வாக்கியம் இப்படி வலிக்கிறது.

என் யோசனை, அந்த வாக்கியத்தையே எழுதாதே என்பதுதான். தைரியம் இருந்தால் எழுதலாம். ஆனால் அப்பா கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ‘அடைத்திருந்தால்’ என்று தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது?

அரையாண்டுத் தேர்வில் வேறு பழமொழி வந்தது: ‘குதிக்கும் முன் பார்’. அந்த மாணவி வேறு கதை எழுதினாள், 7 வாங்கினாள். சரி, அது போகட்டும். என் டியூஷனில் இருந்து மூன்று பையன்கள் இந்த நண்டு வளைக் கதையை மாதிரி விடை என்று மனப்பாடம் செய்து வைத்திருந்திருக்கிறார்கள். மூவரும் வரி மாறாமல் அதையே எழுதிவிட்டு வந்தார்கள். விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். யூரியா இருந்தது, வெள்ளைச் சட்டை இருந்தது, கீழ் வயல் மாமா இருந்தார். ஒருவன் மட்டும் கடைசியில் கொஞ்சம் யோசித்து, செல்வியை வரப்பு உடைப்பைத் தாண்டிக் குதிக்க வைத்திருந்தான்.